விளம்பரம் போட்டும் ஃபிரிட்ஜ் விற்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அக்கா வீட்டில் 2021-இல் வாங்கிய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்று இருந்தது. 190 லிட்டர், சிவப்பு நிறம், ஒருமுறைகூடப் பழுதுக்குக் கொடுத்ததில்லை. சென்ற ஆண்டு மாமாவுக்கு ஓசூருக்கு மாற்றலாகிவிட்டது. ஆடி பிறப்பதற்குள் குடிபோக வேண்டும். ஃபிரிட்ஜை ஓஎல்எக்ஸிலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் 9,000 ரூபாய்க்குப் போட்டுவிட்டு அக்கா காத்திருந்தாள். 19 நாட்கள் ஆகியும் ஒருவர்கூட வீட்டுப் படியேறவில்லை. "பேசாமல் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாமா, தம்பி?" என்று கேட்டபோதுதான் நான் அந்த விளம்பரத்தைத் திறந்து பார்த்தேன்.

நல்ல பொருள் விற்காமல் கிடந்தால் உடனே விலையைக் குறைப்பதுதான் பலரும் செய்யும் காரியம். எங்கே அடைப்பு என்று பார்க்காமல் விலையில் கை வைக்கக் கூடாது. உங்கள் விளம்பரத்தை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்ற கணக்கு உங்களுக்கு மட்டும் தெரியும்படி அதிலேயே இருக்கும். பார்த்தவர் எண்ணிக்கை, கேட்டவர் எண்ணிக்கை, நேரில் வந்தவர் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். எண்ணிக்கை எந்த இடத்தில் அறுபடுகிறதோ அங்கேதான் பழுது. கீழே இருப்பவை எல்லாம் அந்த ஃபிரிட்ஜை வைத்தே சொல்பவை. வாஷிங் மெஷினுக்கும் பீரோவுக்கும் இதே முறையைப் பின்பற்றலாம்.

அறிகுறி: பார்த்தவர் எண்ணிக்கையே ஏறவில்லை

நான்கைந்து நாட்களில் சொற்பப் பேர்தான் திறந்திருக்கிறார்கள் என்றால், விளம்பரம் கண்ணில் படவே இல்லை என்று பொருள். தலைப்பு, முதல் படம், விலை எண் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

அக்கா வைத்திருந்த தலைப்பு "நல்ல நிலையில் உள்ள ஃபிரிட்ஜ் விற்பனைக்கு". நல்ல நிலை என்று யாரும் தேடுவதில்லை. தேடுபவர் பொருளின் பெயர், அளவு, ஊர் ஆகியவற்றைத்தான் தட்டுகிறார். அதையும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார். ஆகவே தலைப்பை இப்படி மாற்றினேன்:

```
Single door fridge 190 L, 2021, Manjakuppam
```

தமிழ் விவரம் முழுவதையும் கீழே விளக்கப் பகுதியில் எழுதினால் போதும். இடத்தைக் "கடலூர்" என்று மட்டும் போடாமல் பகுதியின் பெயரோடு போடுங்கள். முதுநகரில் இருப்பவருக்கும் திருப்பாதிரிப்புலியூரில் இருப்பவருக்கும் வண்டி வாடகை வேறுபடும். புதுச்சேரிப் பக்கம் லாஸ்பேட்டையில் இருப்பவரோ அரியாங்குப்பத்தில் இருப்பவரோ எடுத்துப்போவதாக இருந்தால் அது இன்னும் கூடும்.

அடுத்தது விலை எண். வாங்க வருபவர் "5,000 வரை", "7,000 வரை" என்று எல்லை வைத்து வடிகட்டித் தேடுவார். நீங்கள் 7,200 என்று போட்டால், பேரம் பேசி 6,500-க்குக் கொடுக்கத் தயாராக இருந்தாலும் 7,000 வரை தேடுகிற அத்தனை பேருக்கும் உங்கள் பொருள் தெரியாது. முழு எண்ணுக்குச் சற்று மேலே நிற்பதைவிட அந்த எண்ணிலேயோ அதற்குச் சற்றுக் கீழேயோ நிற்பது நல்லது.

முதல் படத்தைப் பற்றி அடுத்தடுத்த பகுதிகளில் விரிவாகச் சொல்கிறேன். இங்கே ஒன்று மட்டும்: பட்டியலில் அது ஒரு சிறு கட்டமாக, ஓரங்கள் வெட்டுப்பட்டுத்தான் தெரியும். ஃபிரிட்ஜ் உயரமான பொருள் என்பதால், படத்தின் மேலும் கீழும் இடம் விடாமல் எடுத்தால் தலையும் காலும் போய் நடுக்கதவு மட்டும் தெரியும். அது பீரோவா ஃபிரிட்ஜா என்பதே பார்ப்பவருக்குப் புரியாது.

அறிகுறி: நிறையப் பேர் பார்க்கிறார்கள், ஒருவரும் கேட்கவில்லை

அக்காவின் விளம்பரத்துக்கு இருந்த நோய் இதுதான். பார்த்தவர்கள் 200-க்கு மேல், கேட்டவர்கள் இரண்டே பேர். படம் மோசமாக இருந்தாலும் பொருள் கண்ணில் பட்டிருக்கிறது. திறந்து பார்த்துவிட்டு விலையைக் கண்டு நகர்ந்திருக்கிறார்கள்.

அக்கா 9,000 என்று எப்படி முடிவு செய்தாள்? 2021-இல் 14,500 கொடுத்து வாங்கினாள். நான்கு ஆண்டு தேய்மானத்துக்கு 5,500 கழித்தாள். விற்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் நீங்கள் அன்றைக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது வாங்குபவரின் கணக்கில் வராது. இன்றைக்கு ஷோரூமில் புதிது என்ன விலை, இந்தப் பழையது தன் வீட்டு அடுப்படியில் வந்து நிற்பதற்குள் மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதுதான் அவர் கணக்கு. ஆகவே விலையை வாங்குபவரின் வாசலிலிருந்து பின்னோக்கிப் போட்டு வர வேண்டும்.

முதலில் கடைத்தெருவில் விசாரித்தேன். அதே அளவுப் புது ஃபிரிட்ஜ், பெட்டியில் அச்சிட்ட விலை எதுவானாலும், கையில் கொடுக்கும் விலை 15,500. வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கித் தருவார்கள், உத்தரவாதம் உண்டு, தவணையும் உண்டு. பழையதற்கு இவற்றில் எதுவும் கிடையாது. மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு ஓடிய பொருள், வாங்குபவரின் வாசலில் இறங்கும்போது புதுவிலையில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது நான் கடைப்பிடிக்கும் வரம்பு. ஐந்து ஆண்டைத் தாண்டியதற்கு மூன்றில் ஒரு பங்கு. எங்கும் எழுதிவைத்த சட்டமல்ல இது. சொந்தக்காரர்கள் வீடு மாறும்போதெல்லாம் விற்றுக்கொடுத்ததில் எனக்குப் படிந்த அளவு.

15,500-இல் பாதி 7,750. இதிலிருந்து வாங்குபவரின் செலவைக் கழிக்க வேண்டும். அக்கா வீடு முதல் மாடி. ஃபிரிட்ஜை இறக்கி ஏற்ற இரண்டு ஆட்களுக்கு 600. பக்கத்து ஊரான நெல்லிக்குப்பம் வரை என்று வைத்துக்கொண்டால் குட்டி யானை வாடகை 1,000. ஆக 1,600. மிஞ்சுவது 6,150. பொருளின் உண்மையான சந்தை விலை அதுதான். அக்கா கேட்ட 9,000-உடன் இந்தச் செலவையும் கூட்டினால் 10,600. அதோடு இன்னும் ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டால் புதிதே கிடைக்கும்போது யார் வருவார்கள்?

கீழ் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். அதே ஷோரூமில் பழையதைக் கொடுத்துப் புதிது வாங்கினால் 2,000 கழிப்பதாகச் சொன்னார்கள். இரும்புக் கடைக்காரர் அதற்கும் கீழே. ஆகவே 2,000-க்கும் 6,150-க்கும் நடுவில்தான் எல்லாப் பேச்சும். மேல் எல்லைக்குப் பக்கத்தில் நின்று, பேரத்துக்கு இடம் வைத்து 6,500 என்று போட்டோம். 6,000-க்குக் கீழே இறங்குவதில்லை என்று அக்காவும் மாமாவும் அன்றைக்கே பேசி வைத்துக்கொண்டார்கள். அந்தக் கடைசி எண்ணை வீட்டில் எல்லோரும் ஒன்றுபோல் தெரிந்து வைத்திருப்பது முக்கியம். தொலைபேசியை ஒருவர் எடுத்து 6,000 என்றும், நேரில் இன்னொருவர் 5,500 என்றும் சொன்னால் பேரம் அங்கேயே சாய்ந்துவிடும்.

காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆடியில் நம் பக்கத்தில் பெரும்பாலோர் புதுக்குடித்தனம் போவதில்லை. கடைகளில் ஆடித் தள்ளுபடியும் வந்து புதிதின் விலை இறங்கிவிடும். ஆகவே ஆனி முடிவதற்குள் விற்கப் பாருங்கள். முடியாவிட்டால் ஆவணி வரை பொறுங்கள். புதுச்சேரியில் ஜிப்மரையும் கல்லூரிகளையும் சுற்றியுள்ள பகுதிகளில் மாணவர் சேர்க்கை நடக்கும் மாதங்களில் சிறிய ஃபிரிட்ஜ், ஒற்றைக் கட்டில், மேசை ஆகியவற்றுக்குக் கேட்பு கூடும்.

அறிகுறி: "இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள், பிறகு பேச்சில்லை

விலை சரியாக விழுந்துவிட்டால் அடுத்துத் தலைகாட்டுவது இது. கேட்டவர் பதிலைப் பார்த்துவிட்டு மௌனமாகிறார் என்றால் அவருக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அதற்குப் பதில் படத்தில் இல்லை என்று பொருள். சந்தேகத்தை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்க அவருக்குப் பொறுமை கிடையாது. அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவார்.

அக்கா எடுத்திருந்த படங்கள் மூன்று. இரவில், அடுப்படியில், ஃபிளாஷ் போட்டு எடுத்தவை. சிவப்புக் கதவின் நடுவில் ஃபிளாஷ் வெளிச்சம் தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளையாக அடித்திருந்தது. ஃபிரிட்ஜின் தலையில் ஸ்டெபிலைசர், மிக்சி ஜார் மூடி, மடித்த அரிசிப் பை. கீழே ஒரு வாளி. கதவில் குழந்தை ஒட்டிய பொம்மைகள். உள்ளே எடுத்த படத்தில் பாதி இட்லி மாவுப் பாத்திரம்.

காலை எட்டு மணிக்கு ஃபிரிட்ஜை நிமிர்ந்த நிலையிலேயே நகர்த்திக் கூடத்துக்குக் கொண்டுவந்தோம். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி, வெற்றுச் சுவரின் முன் நிறுத்தினோம். சன்னல் ஃபிரிட்ஜின் பின்னால் இருந்தால் பொருள் கருத்துப்போகும். ஃபிளாஷும் டியூப் லைட்டும் வேண்டாம். கைபேசியின் லென்ஸை வேட்டித் துணியால் துடைத்தேன். சமையலறையில் புழங்கும் கைபேசியில் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்து படம் மங்கலாக இருக்கும், பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

பொருளுக்கு அருகில் நின்று எடுத்தால் தலை பெருத்துக் கால் சிறுத்துத் தெரியும். எட்டடி, பத்தடி பின்னால் போய், இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். கைபேசியை ஃபிரிட்ஜின் நடு உயரத்துக்குத் தாழ்த்திப் பிடியுங்கள், அதாவது இடுப்புக்குச் சற்று மேலே. அப்போது கதவின் ஓரங்கள் சுவரின் ஓரத்தோடு நேராக நிற்கும். பளபளக்கும் கதவில் உங்கள் உருவம் தெரிந்தால் ஓரடி பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். கண்ணாடி வைத்த பீரோவுக்கும் இதே வழிதான்.

மொத்தம் ஏழு படங்கள் எடுத்தேன். முதலில் முழு ஃபிரிட்ஜ். அடுத்துக் கதவைத் திறந்து, தட்டுகள் எல்லாம் கழுவி வைத்து, உள்விளக்கு எரியும்படி ஒன்று. விளக்கு எரிவது தெரிந்தால் "ஓடுகிறதா?" என்ற கேள்வி பாதி அடங்கும். மூன்றாவது ஃபிரீசர், பனிக்கட்டித் தட்டில் ஐஸ் உறைந்திருக்கும்படி. நான்காவது மாடல் எண்ணும் லிட்டர் அளவும் உள்ள ஸ்டிக்கர். அதை வைத்துத்தான் வாங்குபவர் புதுவிலையை ஒப்பிடுவார். ஐந்தாவது கதவைச் சுற்றி ஓடும் ரப்பர்.

கடைசி இரண்டும் நம் ஊருக்கென்றே எடுத்தவை. தேவனாம்பட்டினம் கடலிலிருந்து வரும் உப்புக் காற்றில் இரும்பு எதுவும் தப்பாது. அக்காவின் ஃபிரிட்ஜில் இடது கால் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு இருந்தது. அதன் பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து நெருக்கமாக ஒரு படம் எடுத்தேன்.

"அதை ஏன்டா எடுக்கிறாய்? பார்த்ததும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்" என்றாள் அக்கா.

"வண்டி பேசிக்கொண்டு நெல்லிக்குப்பத்திலிருந்து வந்து, இதைப் பார்த்துத் திரும்பிப்போனால் அவருக்கும் காசு வீண், நமக்கும் ஒரு நாள் வீண், அக்கா" என்றேன்.

துருவை நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு எழுத வேண்டும். மேல்தகடு மட்டும் நிறம் மாறியிருந்தால் குளிர்ச்சிக்குக் கேடில்லை. அதை அப்படியே எழுதலாம். செதிலாக உதிர்ந்து ஓட்டை விழுகிறது என்றாலோ, பின்பக்கக் குழாய்களில் துரு ஏறியிருக்கிறது என்றாலோ கேஸ் கசியும் வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்டதை மெக்கானிக்கிடம் காட்டாமல் விலை சொல்லக் கூடாது.

ஏழாவது படம் பின்பக்கத்தின் அடிப்பகுதி, கம்ப்ரசர் இருக்கும் இடம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெய்த மழையையும், அடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தையும் இங்கே யாரும் மறக்கவில்லை. பழைய ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்றால் "தண்ணீரில் நின்றதா?" என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். வெள்ளம் புகுந்த பொருளில் கம்ப்ரசரைச் சுற்றி வண்டல் படிந்த கோடு நிற்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூசியைத் துடைத்து அந்த இடத்தை எடுத்துப் போட்டேன். விளக்கத்தில் "முதல் மாடி வீடு, வெள்ளத்தில் நனையவில்லை" என்று ஒரு வரியும் சேர்த்தேன். உங்கள் பொருள் நனைந்து பழுது பார்த்தது என்றால் அதையும் எழுதிவிடுங்கள். மறைத்து விற்றால், வாங்குபவர் இரண்டு மாதத்தில் உங்கள் வாசலில் வந்து நிற்பார்.

படத்தில் பூசையறை, குழந்தைகள், மின் மீட்டர் எண், கதவிலக்கம் எதுவும் விழ வேண்டாம். ரசீதைப் போடுவதாக இருந்தால் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.

அறிகுறி: எல்லோரும் பாதி விலைக்குக் கேட்கிறார்கள்

ஒருவர் இருவர் கேட்டால் விட்டுவிடுங்கள், அது பேச்சுக்குக் கேட்பது. ஐந்து பேர் ஒரே எண்ணுக்கு அருகில் கேட்டால் அதுதான் சந்தை விலை, உங்கள் கணக்கில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் மாடிப்படி அல்லது வண்டி வாடகை. "விலை பேசித் தீர்க்கலாம்" என்று விளம்பரத்திலேயே எழுதிவிட்டாலும் இது நடக்கும். அந்த வரியை எடுத்துவிடுங்கள். கேட்பவரிடம், "நேரில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், கொஞ்சம் குறைத்துத் தருகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். பார்க்காத பொருளுக்குத் தொலைபேசியில் விலை இறக்கினால், நேரில் வந்த பிறகு இன்னொரு முறையும் இறக்க வேண்டியிருக்கும்.

அறிகுறி: வந்து பார்க்கிறார்கள், "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று போய்விடுகிறார்கள்

ஃபிரிட்ஜை அணைத்துக் கழுவி உலர வைத்துவிட்டுக் காட்டுகிறீர்களா? அதுதான் காரணம். குளிராத ஃபிரிட்ஜை எதை நம்பி எடுத்துப்போவார்? வருபவர் காலையில் வருவதாக இருந்தால் முந்தைய இரவே ஓடவிட்டு, ஃபிரீசரில் ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள். வந்தவர் கையில் அந்த ஐஸ் கிண்ணத்தைக் கொடுங்கள். பிறகு ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, அவரையே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தாள் இறுக்கமாக வந்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. தளர்வாக நழுவினால் குளிர் கசிகிறது. அவர் வருவதற்கு முன்பே நீங்கள் நான்கு பக்கமும் செய்து பார்த்திருக்க வேண்டும்.

உள்ளே நாற்றம் இருந்தாலும் பேரம் முறியும். சமையல் சோடா கரைத்த வெந்நீரில் துடைத்து, ஒரு பகல் கதவைத் திறந்து வைத்தால் மீன் வாடைகூடப் போய்விடும்.

அறிகுறி: பார்க்காமலேயே முழு விலைக்கு ஒப்புக்கொள்கிறார்

எங்கள் விளம்பரத்தை மாற்றிய இரண்டாம் நாளே இப்படி ஒருவர் அழைத்தார். ராணுவத்தில் இருப்பதாகவும், ஆட்களை அனுப்பி எடுத்துக்கொள்வதாகவும், இப்போதே பணம் அனுப்புவதாகவும் சொன்னார். ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்பி, ஸ்கேன் செய்து யுபிஐ பின் எண்ணைப் போட்டால் பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும் என்றார். யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பின் எண்ணைப் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும். அக்கா அழைப்பைத் துண்டித்துவிட்டாள். யாரேனும் ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். பொருளையும் பணத்தையும் நேரில், உங்கள் வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே கைமாற்றுங்கள். வாங்குபவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்ப வேண்டாம்.

மாற்றிய விளம்பரத்துக்கு நான்கு நாட்களில் பதினோரு பேர் கேட்டார்கள். மூன்று பேர் நேரில் வந்தார்கள். இரண்டாவதாக வந்த நெல்லிக்குப்பம் தம்பதி துருப் படத்தை முன்பே பார்த்திருந்ததால் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த அம்மா பத்து ரூபாய்த் தாளை மூன்று இடத்தில் வைத்து இழுத்துப் பார்த்தார். "6,000 என்றால் இப்போதே எடுத்துக்கொள்கிறோம்மா" என்றார். அக்கா மாமாவைப் பார்த்தாள், அவர் தலையசைத்தார்.

குட்டி யானையில் ஃபிரிட்ஜை நிமிர்த்திக் கட்டி அனுப்பினோம். சாய்த்துக் கொண்டுபோனால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் ஏறும். இறக்கி வைத்த பிறகு குறைந்தது நான்கு மணி நேரம் பொறுத்துப் போடச் சொன்னோம். அன்று மாலையே இரண்டு இடத்திலும் விளம்பரத்தை விற்றுவிட்டதாகக் குறித்துவிட்டேன். அதற்குள் இன்னும் இருவர் அழைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு அக்கா வீட்டு இரும்பு பீரோவின் படங்களை அனுப்பினேன்.